மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்டு எழுதுவோருக்குக் கோயில் அலுவலகம் பதில் எழுதும் முறை: முழுமையான வழிகாட்டி

கோயில் அலுவலகத்தில் கடிதப் பொறுப்பை ஏற்பவருக்கு அர்ச்சனை, கட்டளை, ரசீது பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதச் சில நாட்களில் பழகிவிடும். முன்பின் அறியாத ஒருவர், தம் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாகவும் பில் கட்டப் பணம் இல்லை என்றும் எழுதும் கடிதம் அப்படிப் பழகுவதில்லை. அந்தக் கடிதத்தைப் பல நாள் மேசையில் வைத்திருந்து பதிலே போடாமல் விட்டவர்களையும், இரண்டே வரியில் மறுத்து அனுப்பியவர்களையும், மனம் கேளாமல் நம்பிக்கை கொடுத்துப் பின்னர் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மருத்துவ உதவிக்கென்று தனி நிதி இல்லாத கோயிலிலிருந்து அத்தகைய கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அப்படி ஒரு நிதி இருக்கும் கோயில்களில் விண்ணப்பம் வாங்கிப் பரிசீலிக்க வேண்டும் என்பதால், அங்குள்ள முறை வேறு.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அறங்காவலர் குழுவின் எழுத்து வடிவத் தீர்மானம். தனிநபர்களின் மருத்துவச் செலவுக்குக் கோயில் நிதியிலிருந்து தருவதில்லை என்பதோ, இன்ன வரையறைக்குள் மட்டும் தரலாம் என்பதோ, எதுவாயினும் அது நாளிட்டுக் கையெழுத்தான ஒரு பத்தியாகக் கோப்பில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் முடிவு அன்றன்று இருக்கையில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். சென்ற மாதம் ஒருவருக்குக் கிடைத்தது தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அடுத்தவர் கேட்டால், அதற்கு நேர்மையான விடை எவரிடமும் இராது.

இரண்டாவது, கோயிலுக்கு வரும் பணத்தின் வகைகளும் அவற்றின் நோக்கங்களும் குறித்த ஒரு தாள். அன்னதான நிதி, திருப்பணி நிதி, நித்திய பூசைக்கான கட்டளை, விளக்குக் கட்டளை என்று ஒவ்வொன்றும் எதற்காகப் பெறப்பட்டது என்பதைக் கணக்கரிடம் கேட்டு ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் போதும். மறுப்புக்கான காரணத்தை நீங்கள் சொல்லப்போவது இந்தத் தாளிலிருந்துதான்.

மூன்றாவது, வழிகாட்டுத் தாள். மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர் பிரிவு, அரசின் மருத்துவ உதவித் திட்டங்களின் விசாரணை எண், கட்டணம் குறைத்துச் சிகிச்சை தரும் அறக்கட்டளை மருத்துவமனைகள், தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் நீங்களே அழைத்துப் பார்த்து, அழைத்த நாளை ஓரத்தில் குறித்து வையுங்கள். செயல்படாத எண்ணை ஒருவருக்குக் கொடுப்பது, ஏற்கெனவே பல கதவுகளைத் தட்டிக் களைத்தவரை இன்னொரு மூடிய கதவின் முன் நிறுத்துவதாகும்.

2. முதல் வாசிப்பு: உயிருக்கு ஆபத்து தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்

கடிதத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை வேறு எதையும் தேடாதீர்கள். “இந்தப் பணம் கிடைக்காவிட்டால் நாங்கள் எல்லோரும் போய்ச் சேர வேண்டியதுதான்”, “இது என் கடைசிக் கடிதம்” என்பன போன்ற வரிகள் இருந்தால், எழுத்தில் பதில் போடும் முறையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது சொல்வழக்காக எழுதப்பட்டதா, உண்மையாகவே எண்ணி எழுதப்பட்டதா என்று மேசையில் அமர்ந்தபடி நம்மால் தீர்மானிக்க இயலாது.

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தால், அலுவலகத்தில் பொறுமையாகப் பேசக்கூடிய மூத்தவர் ஒருவர் உடனே அழைக்க வேண்டும். உயிரை விட நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலும் கேட்டவரிடம் மனம் திறக்கவே உதவும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவரிடமும் பேசி, உதவி எண்ணைக் கொடுத்து, உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவிக்குத் தகவல் சொல்ல வேண்டும். பணம் பற்றிய பேச்சை அந்த அழைப்பில் எடுக்காதீர்கள். அவரே கேட்டால், அதற்குத் தனியே எழுதுகிறோம் என்று சொன்னால் போதும்.

3. இரண்டாம் வாசிப்பு: எத்தகைய செலவு என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். யார் எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார், எந்தத் தேதிக்குள் பணம் வேண்டும் என்கிறார் என்பவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அது ஒரே தடவை வரும் செலவா, தொடர்ந்து வரும் செலவா என்பது. அறுவைச் சிகிச்சை முன்னதற்கு எடுத்துக்காட்டு. டயாலிசிஸும், சுழற்சி முறையில் தரப்படும் புற்றுநோய் மருந்தும் பின்னதற்கு எடுத்துக்காட்டு.

இந்தப் பிரிவினை ஏன் தேவை என்றால், நாம் காட்டும் வழி இதைப் பொறுத்தே மாறும். அறுவைச் சிகிச்சை இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால், அரசுத் திட்டத்திலோ காப்பீட்டிலோ முன் அனுமதி வாங்க இன்னும் நேரம் இருக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு அந்தத் திட்டங்களில் பணம் பெறுவது பெரும்பாலும் கடினம். ஆகவே அத்தகைய கடிதத்துக்கு அன்றே பதில் போக வேண்டும். தொடர் செலவிலோ, கேட்ட தொகை முழுவதும் எங்கிருந்தாவது கிடைத்தாலும் சில வாரங்களில் அதே நெருக்கடி திரும்பி வரும். அவருக்குத் தேவைப்படுவது, அந்தச் சிகிச்சையைக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ தொடர்ந்து பெறக்கூடிய ஓர் இடம். கடிதம் எழுதியவர் அந்த வாரத்துப் பணத்தைத் தேடும் பதற்றத்தில் இதை எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தம்பி தம் அக்காவுக்காக எழுதியிருந்தார். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு மாதச் செலவைக் கோயில் ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. கடிதத்துடன் டயாலிசிஸ் அட்டையின் நகலை இணைத்திருந்தார். சிகிச்சை நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டத்தில் செவிலியரின் சுருக்கொப்பம் இருந்தது. கடைசி இரண்டு வாரங்களில் மட்டும் 2 கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணம் இல்லாததால் இரண்டு தடவை போகாமல் விட்டிருக்கிறார்கள். கேட்ட தொகையை விட அவசரமான செய்தி அந்த இரண்டு கட்டங்களில்தான் இருந்தது. இரண்டாம் வாசிப்பு இத்தகையவற்றைக் காண்பதற்காகவே.

4. கொடுக்கப்போவதில்லை என்றால் சான்று எதையும் கேட்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. “மருத்துவ அறிக்கை, பில், அடையாளச் சான்று ஆகியவற்றின் நகலை அனுப்புங்கள், பார்க்கிறோம்” என்று எழுதுகிறார்கள். மறுப்பைச் சில நாள் தள்ளிப்போட அது அவர்களுக்கு உதவுகிறது. கடிதம் பெற்றவருக்கோ அது பாதி சம்மதமாகத் தெரியும். நகல் எடுத்து, கையெழுத்துகளுக்கு அலைந்து, அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நாளும் பதிலை எதிர்பார்ப்பார். அந்த நாட்களில் அவர் வேறு இடங்களில் விண்ணப்பித்திருக்கலாம். இதற்கிடையில் ஒருவருடைய நோய் விவரங்கள் நமக்குத் தேவையில்லாமலே நம் கோப்பில் வந்து சேர்ந்துவிடும்.

கடிதம் உண்மையா, பொய்யா என்று ஆராயும் வேலையும் இதனால் இல்லாமல் போகிறது. ஒரே படத்துடன் ஒரே கடிதம் பல கோயில்களுக்குப் போவதும் உண்டு, எழுத்துக்கூட்டி எழுதிய தாயின் கடிதம் வருவதும் உண்டு. இரண்டுக்கும் நம் முடிவு ஒன்றே என்னும்போது, எது எது என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எல்லாக் கடிதங்களையும் உண்மை என்றே கொண்டு பதில் எழுதலாம். ஏமாற்றுபவருக்கு ஒரு கனிவான பதில் போய்ச் சேர்வதால் கோயிலுக்கு இழப்பு ஒன்றுமில்லை. உண்மையாகவே துன்பப்படுபவருக்குச் சந்தேகம் தொனிக்கும் பதில் போனால், அந்தக் காயத்தை ஆற்ற நம்மிடம் வழியில்லை.

5. முடிவை இரண்டாம் பத்திக்குள் சொல்லிவிடுங்கள்

நம் கடித மரபில் மறுப்பைக் கடைசியில் வைப்பது மரியாதை என்று கருதுகிறோம். இந்த வகைக் கடிதத்தில் அது இரக்கமாகாது. நோயாளிக்குத் துணையாக இருப்பவர், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி அதைப் படிக்கிறார். முதல் பக்கம் முழுவதும் இறைவன் அருளையும் கோயிலின் பெருமையையும் படித்துவிட்டு, கடைசி வரியில் இல்லை என்று காணும்போது, இடையில் எழுந்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கிறார்.

ஆகவே முதல் பத்தியில் அவர் எழுதியதைப் படித்தோம் என்பதற்கு அடையாளமாக, அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட செய்தியைச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியத்தில் “எங்கள் கோயிலிலிருந்து இந்தச் செலவுக்குப் பணம் தர இயலாது” என்று எழுதுங்கள். “தற்போதைக்கு இயலாது”, “இயன்றவரை முயல்வோம்”, “அறங்காவலர்களின் பார்வைக்கு வைக்கிறோம்” என்ற தொடர்கள் எதுவும் உண்மையாக இருந்தாலன்றிக் கடிதத்தில் வரக் கூடாது. “தற்போதைக்கு” என்ற ஒரே சொல்லுக்காக, மூன்று மாதம் கழித்து மறுபடி நம்பிக்கையோடு எழுதியவர் உண்டு. அவர் மீது தவறு இல்லை, அந்தச் சொல்லை எழுதியவர்கள் நாங்கள்தான்.

6. காரணத்தை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்

“கோயிலில் நிதி இல்லை” என்று எழுதாதீர்கள். திருவிழாவையும் திருப்பணியையும் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆதலால் அந்த வாக்கியத்தைப் படிப்பவர் அதைப் பொய் என்றே எடுத்துக்கொள்வார். உண்மையான காரணம் வேறு. கோயிலுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, தருபவர் இன்னதற்கு என்று சொல்லித் தந்தது. ஒருவர் அன்னதானத்துக்கு என்று தந்ததை வேறொன்றுக்குச் செலவிட அலுவலகத்துக்கோ அறங்காவலர்களுக்கோ உரிமையில்லை. நோக்கம் மாறிச் செலவிட்ட பணத்தை அறங்காவலர் தம் கையிலிருந்து ஈடுசெய்ய நேரும் என்பது அறக்கட்டளைச் சட்டங்களின் பொதுவான நிலை. எந்த நோக்கமும் குறிக்காமல் வரும் காணிக்கையைக் கூட, கோயிலின் எழுதப்பட்ட நோக்கங்களுக்குள்தான் செலவிட முடியும்.

இதை அவருக்குச் சொல்லும்போது சட்ட மொழி வேண்டாம். இரண்டு வாக்கியங்கள் போதும். “நாங்கள் பெறும் காணிக்கை, தருபவர்கள் குறித்த பணிகளுக்காகவே எங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதை மருத்துவச் செலவுக்கு எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.” இதோடு “இது எவர் கேட்டாலும் நாங்கள் சொல்லும் விடையே” என்ற வரியைச் சேர்ப்பது நல்லது. தம் கடிதத்தில் ஏதோ குறை இருந்ததாகவோ, தம்மை நம்பவில்லை என்றோ, தாம் இந்தக் கோயிலுக்கு வந்து போகாதவர் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்றோ அவர் எண்ணி வருந்தாமல் அது தடுக்கும்.

“இதுபோல் நிறையக் கடிதங்கள் வருகின்றன” என்ற காரணத்தையும் தவிருங்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தம் அக்காவின் நோயைப் பற்றி எழுதியவருக்கு, அவர் ஒரு கூட்டத்தில் ஒருவர் என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

7. வழி காட்டும் பத்தி: இரண்டு, மிஞ்சினால் மூன்று

இந்தப் பத்தியில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். பணம் தராத கடிதத்தில் பயன் தரக்கூடிய பகுதி இது ஒன்றே. பத்து முகவரிகளை அடுக்கி அனுப்பினால், களைத்திருப்பவர் ஒன்றையும் தொடமாட்டார். அவருடைய நிலைக்குப் பொருந்தும் இரண்டு வழிகளைத் தேர்ந்து, முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதல் வழி, அவர் இருக்கும் மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவ சமூகப் பணியாளர். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே நோயாளியின் குடும்பத்தாருக்குத் தெரிவதில்லை. சில இடங்களில் நோயாளி நல அலுவலர் என்றோ வேறு பெயரிலோ அழைப்பார்கள். எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், எந்தத் தாளில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும், மருத்துவமனையின் சொந்த உதவி நிதி இருக்கிறதா என்பவை அவருக்குத் தெரியும். கடிதத்தில் “சமூகப் பணியாளரைப் பாருங்கள்” என்று மட்டும் எழுதாமல், அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்ற வாக்கியத்தையே எழுதிக் கொடுங்கள். மேசை மேசையாக அனுப்பப்பட்டவருக்கு, சரியான சொற்கள் கையில் இருப்பது பெரிய துணை.

பில் வந்துவிட்ட நிலையில் இருப்பவருக்கு வேறு வழி. கட்டணப் பிரிவில் மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லுக்குப் பதிலாக, ஒவ்வோர் இனமும் தனித்தனியே எழுதிய விவரப் பில்லைக் கேட்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால்தான் இருமுறை சேர்ந்தவை தெரியும். தவணையோ தள்ளுபடியோ கேட்பதற்கும் அதுவே அடிப்படை.

எந்தச் சிகிச்சை நல்லது, எது தேவையில்லை என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். நாட்டு மருந்து, விரதம் எதையும் சிகிச்சைக்கு மாற்றாகக் குறிப்பிடாதீர்கள். கோயில் பெயரில் வரும் யோசனையைச் சிலர் மருத்துவர் சொல்லுக்கு மேலாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் வரக்கூடிய கேடு பெரியது.

8. வழிபாடு பற்றிய வரி

நோயாளியின் பெயரில் அர்ச்சனை செய்வதாகச் சொல்வது இயல்பு. பலருக்கு அது உண்மையான ஆறுதல். மூன்று கட்டுப்பாடுகளோடு அதை எழுதுங்கள். பணம் தராததற்கு ஈடாக இதைச் செய்கிறோம் என்ற தொனி வரக் கூடாது. ஆகவே இது கடிதத்தின் கடைசிப் பத்தியில், சுருக்கமாக இருக்கட்டும். கட்டணம் ஏதும் இல்லை என்று எழுதுங்கள். நாமாகச் செய்துவிடாமல், விரும்பினால் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி அனுப்பும்படி கேளுங்கள். எழுதியவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

“எல்லாம் நலமாகும்”, “இறைவன் குணப்படுத்துவார்” என்ற உறுதிமொழிகளைத் தவிருங்கள். வினைப்பயன், ஊழ் என்று தொடங்கும் வாக்கியங்களை அடியோடு விலக்குங்கள். எழுதுபவர் தேற்றுவதாக நினைத்து எழுதுவார், படிப்பவருக்கோ அது நோயாளியின் மீது சுமத்தும் குற்றச்சாட்டாகத் தெரியும்.

அலுவலகத்தில் வழக்கமாக எல்லா உறைகளிலும் நன்கொடைச் சீட்டு வைப்பதுண்டு. இந்த உறையில் அது போகாதபடி நீங்களே பார்த்து ஒட்டுங்கள். பண உதவி கேட்டவருக்கு நன்கொடை கேட்கும் தாள் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று எவரும் செய்யவில்லை, எவரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

9. முழுக் கடிதம்

முன் சொன்ன தம்பிக்கு எழுதிய பதிலின் வடிவம் இது. பெயர் முதலியவற்றை நீக்கியிருக்கிறேன்.

“அன்புள்ள ஐயா,

வணக்கம். தாங்கள் எழுதிய கடிதத்தை முழுமையாகப் படித்தோம். வாரம் மூன்று நாள் தங்கள் அக்காவை அழைத்துச் செல்வதாகவும், அவர் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அடுத்த வாரப் பணத்தை நினைத்தபடி வெளியே அமர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்பின் பாரத்தை எங்களால் ஓரளவு எண்ணிப் பார்க்க முடிகிறது.

எங்கள் கோயிலிலிருந்து இந்தச் செலவுக்குப் பணம் தர இயலாது. தாங்கள் எங்கள் பதிலுக்காக மேலும் காத்திராமல் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறோம். நாங்கள் பெறும் காணிக்கை, தருபவர்கள் குறித்த பணிகளுக்காகவே எங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அதை மருத்துவச் செலவுக்கு எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. இது எவர் கேட்டாலும் நாங்கள் சொல்லும் விடையே. தங்கள் சொல்லில் ஐயம் கொண்டு சொல்வதன்று.

தாங்கள் அனுப்பிய அட்டையில் இரண்டு நாட்கள் வெறுமையாக இருப்பதைக் கண்டோம். அந்த நாட்களில் சிகிச்சை நடைபெறவில்லை என்றால், தயவுசெய்து இன்றே டயாலிசிஸ் பிரிவின் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். பணம் கட்ட முடியாததால் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்தால்தான் உதவ முடியும்.

அடுத்து, அதே மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரித்து, அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘என் அக்காவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவை. கட்டணம் கட்ட முடியாமல் சில நாட்கள் விட்டுப்போகிறது. கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ தொடர்ந்து செய்துகொள்ளக்கூடிய இடத்துக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? அதுவரை இங்கே சிகிச்சை தடைப்படாமல் இருக்க வழி உண்டா?’ அங்கே அப்படி ஒருவர் இல்லையென்றால், உடன் வைத்துள்ள தாளில் உள்ள இரண்டு எண்களை அழையுங்கள். இரண்டும் இந்த மாதம் எங்களால் சரிபார்க்கப்பட்டவை.

தாங்கள் விரும்பினால் தங்கள் அக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி அனுப்புங்கள். கட்டணமின்றி அர்ச்சனை செய்து பிரசாதம் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கோயில் அலுவலகத்துக்காக”

இதில் டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை அவர் அறிவார். பயமுறுத்துவது நம் வேலையன்று, அவர் வெட்கப்பட்டு மறைத்ததை உரியவரிடம் சொல்லும்படி கேட்பது மட்டுமே நம் வேலை.

10. அனுப்பும் முன்: இந்தக் கடிதம் வேறு எங்கே காட்டப்படலாம்

கோயில் முத்திரையோடு போகும் எந்தக் கடிதமும் நகலெடுக்கப்பட்டு, பணம் திரட்டுமிடத்தில் காட்டப்படலாம். “இன்ன நோயால் அவதிப்படும் தங்கள் அக்காவின் நிலையை அறிந்து வருந்துகிறோம்” என்ற வாக்கியம், கோயிலே விசாரித்து உறுதி செய்ததுபோல் படிக்கப்படும். அதனால்தான் “தாங்கள் எழுதியிருக்கிறீர்கள்” என்ற வடிவிலேயே ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். பரிந்துரை, சான்று என்ற சொற்கள் வேண்டாம். முத்திரை வேண்டாம், கையெழுத்தும் தேதியும் போதும். இந்தக் கவனம் அவரைச் சந்தேகிப்பதற்காக எடுப்பதன்று. கோயில் சொன்னது என்று நம்பித் தரும் மூன்றாம் மனிதரின் பணத்துக்கும் நமக்குப் பொறுப்பு உண்டு.

அதே காரணத்தால், உதவி கேட்டு வந்த கடிதத்தைப் பக்தர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் பகிராதீர்கள். நோயாளியின் பெயரும் நோயும் எவரெவரிடமோ போய்ச் சேரும், கொடுத்த வங்கிக் கணக்கு யாருடையது என்பதும் நமக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஒருவருக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து தர மனம் வந்தால், அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதை அலுவலகக் கடிதத்திலோ அலுவலகத் தொலைபேசியிலோ சொல்ல வேண்டாம். தருவதை மருத்துவமனையின் கணக்கில், நோயாளியின் பதிவெண்ணைக் குறித்துச் செலுத்துவது நல்லது. கணக்கு எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காமல், மருத்துவமனையின் பொதுத் தொலைபேசி எண்ணை அழைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

11. மறுபடி எழுதினால்

சிலர் மறுபடி எழுதுவார்கள். கெஞ்சியோ, கோபித்தோ, “கோபுரத்துக்குப் பொன் பூசப் பணம் இருக்கிறது, ஓர் உயிருக்கு இல்லையா” என்று கேட்டோ எழுதுவார்கள். அந்தக் கேள்வி நியாயமற்றதன்று, அதை மறுத்து வாதிடவும் வேண்டாம். இரண்டாம் கடிதத்துக்கும் பதில் எழுதுங்கள், முதலாவதை விடச் சுருக்கமாக. முடிவை அதே சொற்களில் திரும்பச் சொல்லி, முன்பு சொன்ன இடங்களில் என்ன விடை கிடைத்தது என்று கேளுங்கள். அங்கே வழி அடைபட்டிருந்தால் அடுத்த ஒன்றைச் சொல்லலாம். சொற்களை மாற்றினால் முடிவும் நெகிழ்கிறது என்று அவருக்குத் தோன்றும், ஆகவே மறுப்பு வாக்கியத்தை எழுத்து மாறாமல் வையுங்கள்.

மூன்றாம் கடிதமும் பணத்தைப் பற்றியே இருந்தால், பதில் மாறாது என்பதை ஒரே வரியில் தெரிவித்து, அர்ச்சனை பற்றிய வாய்ப்பு எப்போதும் உண்டு என்று முடித்துவிடலாம். அதிலும் இரண்டாம் படியில் சொன்ன ஆபத்து வரிகள் இருக்கின்றனவா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மூன்றாவது கடிதம் என்பதற்காக மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள்.

12. பதிவேடு

கடிதம் வந்த நாள், பதில் போன நாள், ஒரு தடவைச் செலவா தொடர் செலவா என்பது, காட்டிய வழி எது, இந்த நான்கு விவரங்கள் உள்ள பதிவேடு போதும். நோயின் பெயரையும் நோயாளியின் பெயரையும் அதில் எழுத வேண்டாம், கடித எண் மட்டும் இருக்கட்டும். இணைப்பாக வந்த அறிக்கைகள் மூலப் பிரதிகளாக இருந்தால் பதிலுடன் திருப்பி அனுப்புங்கள். நகல்களாக இருந்தால், மறுகடிதம் வரக்கூடும் என்பதற்காக ஆறு மாதம் பூட்டிய அலமாரியில் வைத்து, பிறகு கிழித்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பதிவேட்டை அறங்காவலர் கூட்டத்தில் வையுங்கள். ஒரு தடவைச் செலவுக்காக இத்தனை பேர், தொடர் செலவுக்காக இத்தனை பேர் எழுதினார்கள் என்பதை எண்ணாகப் பார்க்கும்போதுதான், நோக்கம் குறித்து நன்கொடை பெறும் ஒரு மருத்துவ உதவி நிதியைத் தனியே தொடங்கலாமா என்ற பேச்சு அங்கே எழும். அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறினால், முதலாம் படியில் சொன்ன தாள்களை மாற்றி எழுத வேண்டும். அதுவரை மேலே உள்ள கடிதமே போகும்.